ஒரு ரூபாய் குறைவு

மைத்துனரின் குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். கோயில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். தாம்பரத்திலிருந்து நாங்கள் நான்கு பேர், மடியில் ஒரு குழந்தை, ஒரு செடான் வண்டி போதும். இரண்டு டிராவல்ஸில் கேட்டு வாட்ஸப்பில் வந்த ரேட்டை மைத்துனர் எனக்கு அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தார்.

“மாமா, அம்பத்தூர்க்காரர் பதிமூணு ரூபா சொல்றாரு. பெருங்களத்தூர்க்காரர் பதினாலு. அம்பத்தூரையே பேசி முடிச்சிரட்டுமா?”

கொஞ்சம் பொறு என்றேன். இரண்டு செய்திகளிலும் நான்கைந்து வரிகள்தான். அம்பத்தூர்: கிலோமீட்டருக்கு 13 ரூபாய், ஒரு நாளைக்கு மினிமம் 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 500, நைட் ஹால்ட் 300, ஷெட் டு ஷெட். பெருங்களத்தூர்: கிலோமீட்டருக்கு 14, மினிமம் 250, பேட்டா 400, இரவு 11 மணிக்கு மேல் ஓடினால் இன்னொரு பேட்டா, வீட்டில் ஏறுவதிலிருந்து வீட்டில் இறங்குவது வரை கணக்கு. இரண்டிலும் கடைசி வரி ஒன்றேதான்: டோல், பார்க்கிங் தனி.

எங்கள் திட்டம் இது. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடியற்காலையில் கும்பகோணம் சேர்வது, சனிக்கிழமை மொட்டையும் காதுகுத்தும், அன்றிரவு அங்கேயே தங்கல், ஞாயிறு காலை தஞ்சாவூர் பெரிய கோயில் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு. தூரத்தை ஒரு தாளில் எழுதினேன். தாம்பரம்–கும்பகோணம் 265, அங்கே சுற்றுவதற்கு 70, தஞ்சாவூருக்கு 40, அங்கிருந்து தாம்பரம் 315. மொத்தம் 690 கிலோமீட்டர்.

இதை 13-ஆல் பெருக்கினால் 8,970. 14-ஆல் பெருக்கினால் 9,660. மைத்துனர் மனதில் இருந்த கணக்கு இதுதான், வித்தியாசம் 690 ரூபாய். ஆனால் வண்டிக்காரர் போடும் கணக்கு இதுவல்ல. அவர் முதலில் எண்ணுவது நாளை. எத்தனை நாள் என்று தெரிந்த பிறகுதான் கிலோமீட்டருக்கே வருவார்.

வெள்ளி, சனி, ஞாயிறு: மூன்று நாள். வெள்ளிக்கிழமை நாங்கள் வண்டியில் இருக்கப்போவது இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் பெரும்பாலான டிராவல்ஸில் நாள் என்பது காலண்டர் நாள். இரவு பன்னிரண்டுக்குத் தேதி மாறினால் அடுத்த நாள் பிறந்துவிட்டது. ஏறிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் நம்ப வேண்டும். ஆக, மூன்று நாளைக்கு அம்பத்தூர்க்காரரின் மினிமம் 900 கிலோமீட்டர். நாங்கள் ஓடுவது அதற்குக் கீழே என்பதால் 900-க்குத்தான் பணம்: 11,700. பேட்டா மூன்று நாளைக்கு 1,500. மொத்தம் 13,200. பெருங்களத்தூர்க்காரரின் மினிமம் 750, அதற்கு 10,500. பேட்டா 1,200. மொத்தம் 11,700.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொன்னவர் 1,500 ரூபாய் கூடுதலாக வாங்கப் போகிறார். இரவுக் கணக்கையும் டோலையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மினிமம் ஏன் வைக்கிறார்கள் என்று வண்டி வைத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் புரியும். லிட்டருக்கு 18, 20 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் செடான், டீசல் விலை 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் அளவுக்குத்தான் எரிபொருள் செலவு. மீதி எட்டு ஒன்பது ரூபாயில்தான் வங்கித் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, பெர்மிட், டயர், லாபம் எல்லாம் அடக்கம். தவணையும் இன்ஷூரன்ஸும் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் கோயில் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வண்டி வெளியே மர நிழலில் நிற்கிறது. அந்த நேரத்தில் அது வேறு சவாரி எடுக்க முடியாது. ஆக, வண்டியின் நாளை நாம் வாடகைக்கு எடுக்கிறோம், அதன் விலையைக் கிலோமீட்டரில் எழுதித் தருகிறார்கள். மினிமத்தை ரேட்டால் பெருக்கிப் பார்த்தால் அந்த நாள் வாடகை கண்ணுக்குத் தெரியும். அம்பத்தூர் வண்டிக்கு ஒரு நாள் 3,900, பெருங்களத்தூர் வண்டிக்கு 3,500. பேட்டா இதற்கு மேல்.

இதே இரண்டு ரேட்டை வைத்துக்கொண்டு மூன்று நாளில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சுற்றி வருகிறவருக்குக் கணக்கு நேர் எதிர். அவர் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார். மினிமம் அவரைத் தொடாது. அவருக்கு ஒரு ரூபாய் குறைவு உண்மையாகவே குறைவு. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று ஓர் ஊருக்குப் போய் நிற்கிறவர்கள் மினிமத்தைப் பார்க்க வேண்டும். ஊர் ஊராக ஓடுகிறவர்கள் ரேட்டைப் பார்க்க வேண்டும்.

மினிமத்தில் இன்னொரு வளைவும் இருக்கிறது, இதைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள். மொத்தப் பயணத்தையும் சேர்த்து மினிமம் பார்ப்பதா, அல்லது நாளுக்கு நாள் தனித்தனியாகப் பார்ப்பதா? சேர்த்துப் பார்ப்பதுதான் பெருவழக்கம்: மூன்று நாளைக்கு 750, அதற்குள் எந்த நாளில் எவ்வளவு ஓடினாலும் சரி. தனித்தனியாகப் பார்த்தால் எங்கள் பயணம் இப்படி ஆகும். வெள்ளி இரவு பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் திண்டிவனம் வரை 100 கிலோமீட்டர் போயிருப்போம், அதற்கு 250 எழுதுவார்கள். சனிக்கிழமை மீதித் தூரமும் உள்ளூர்ச் சுற்றலும் சேர்ந்து 235, அதற்கும் 250. ஞாயிறு 355, மினிமத்தைத் தாண்டியதால் அது அப்படியே. கூட்டினால் 855. அதே வண்டி, அதே பாதை, ஆனால் 105 கிலோமீட்டர் அதிகம், 1,470 ரூபாய். வாட்ஸப் செய்தியில் ‘மினிமம் 250’ என்று மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று தெரியாது. நான் பெருங்களத்தூர்க்காரரிடம் கேட்டேன். “மொத்தமாத்தான் சார் பார்ப்போம், தனித்தனியா பார்த்தா யார் வருவாங்க?” என்றார். அதையே ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றேன், அனுப்பினார்.

பிறகுதான் எனக்கு வெள்ளிக்கிழமை இரவு உறுத்த ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்துக்காக ஒரு முழு நாளை வாங்குகிறோம். பத்து மணிக்குக் கிளம்புவதற்குப் பதில் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால்? பத்து மணிக்குள் கும்பகோணம் போய்விடலாம், மொட்டை பதினொன்றுக்குத்தான். அப்போது கணக்கு இரண்டு நாள். அம்பத்தூர் மினிமம் 600, பெருங்களத்தூர் மினிமம் 500. நாங்கள் ஓடும் 690 இரண்டையும் தாண்டிவிடுகிறது. இப்போது ஓடிய தூரத்துக்குத்தான் பணம். அம்பத்தூர் 8,970, பேட்டா 1,000, ஆக 9,970. பெருங்களத்தூர் 9,660, பேட்டா 800, ஆக 10,460. ஆறு மணி நேரம் தள்ளிக் கிளம்பியதும் அம்பத்தூர்க்காரர் மலிவாகிவிட்டார்!

மைத்துனருக்கு ஒரே சந்தோஷம். “நான் முதல்லயே சொன்னேன்ல மாமா.”

ஆனால் அவர் செய்தியில் ‘ஷெட் டு ஷெட்’ என்று இரண்டு சொல் இருந்தது. வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்ப ஷெட்டில் போய் நிற்கும்வரை மீட்டர் நம் கணக்கில் ஓடும் என்று அதற்குப் பொருள். அம்பத்தூரிலிருந்து தாம்பரம் பைபாஸ் வழியாக முப்பது கிலோமீட்டர், திரும்பப் போக முப்பது. 690 என்பது 750 ஆகிவிட்டது. 13-ஆல் பெருக்கிப் பேட்டாவைச் சேர்த்தால் 10,750. மறுபடி பெருங்களத்தூர்க்காரரே 290 ரூபாய் மலிவு.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. மூன்று நாள் திட்டத்தில் இந்த அறுபது கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. அங்கே 900-க்கு எப்படியும் பணம் கட்டுகிறோம், ஓடுவது 690 ஆனாலும் 750 ஆனாலும் ஒன்றுதான். மினிமத்துக்குக் கீழே இருக்கும்வரை கூடுதல் கிலோமீட்டர் இலவசம். சரியாகச் சொன்னால், ஏற்கெனவே காசு கொடுத்த கிலோமீட்டர். அப்படி மிச்சம் இருக்கிறவர்கள் தாராசுரம், சுவாமிமலை, பட்டீஸ்வரம் என்று போய்விட்டு வரலாம், வாடகை ஏறாது. மினிமத்தைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு சுற்றும் காசு. பாதி வழியில் டிரைவரிடம் ஸ்டார்ட்டிங் கிலோமீட்டரைக் கேட்டுக் கழித்துப் பார்த்தால் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

ஷெட் கணக்கு தூரத்தோடு நிற்பதில்லை, நேரத்துக்கும் வரும். ஞாயிறு இரவு பதினொன்றரைக்குத் தாம்பரத்தில் இறங்கினால் நமக்குப் பயணம் முடிந்தது. வண்டி அம்பத்தூர் போய்ச் சேர பன்னிரண்டு தாண்டிவிடும், தேதி மாறிவிடும். அதை மூன்றாவது நாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எழுதினால் மினிமம் மீண்டும் 900, இன்னொரு பேட்டா, எல்லாம் பழையபடி 13,200. ஞாயிறு மாலை ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டிலிருந்து வண்டிகள் ஊர்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: நாள் முடிவது எங்களை இறக்கிவிடும்போதா, வண்டி ஷெட்டுக்குப் போகும்போதா? நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் விட்டுக்கொடுப்பீர்களா? பெரும்பாலோர் கேட்டால் சரி என்பார்கள். பயணம் முடிந்து வாசலில் நின்று கேட்டால் மாட்டார்கள்.

இரவுக் கட்டணம் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் உலவுகின்றன. நைட் ஹால்ட் என்பது வண்டி வெளியூரில் தங்கும் இரவுக்கு டிரைவரின் தங்கல் செலவு. இரவு ஓட்டத்துக்கான பேட்டா என்பது தூங்க வேண்டிய நேரத்தில் ஓட்டுவதற்கான கூலி. ஒரு டிராவல்ஸ் இதை இரவு 10 முதல் காலை 6 வரை என்கும், இன்னொன்று 11 முதல் 5 வரை என்கும். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் தங்கலுக்குக் கேட்டார், மற்றவர் ஓட்டத்துக்குக் கேட்டார். முழு இரவும் ஓடும் வெள்ளிக்கிழமைத் திட்டத்தில் பெருங்களத்தூர்க்காரருக்கு 400 போகும். சனிக்கிழமைத் திட்டத்தில் ஞாயிறு பதினொன்றுக்குள் வீடு வந்துவிட்டால் ஒன்றும் போகாது. அம்பத்தூர்க்காரருக்கு இரண்டிலுமே கும்பகோணத்தில் தங்கும் இரவுக்கு 300. இரண்டையும் சேர்த்து, போதாக்குறைக்குத் தினசரி பேட்டாவும் வாங்குகிற கொட்டேஷன்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரே இரவுக்கு மூன்று பெயர்களில் பணம் போகும்.

நைட் ஹால்ட் வாங்கினாலும் பல டிரைவர்கள் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறார்கள். அந்த முன்னூறு முதலாளியிடம் நின்றுவிடுகிறதா, டிரைவர் மிச்சம் பிடிக்கிறாரா என்பது அவர்களுக்குள் உள்ள விஷயம். ஆனால் மறுநாள் 355 கிலோமீட்டர் நம்மை ஓட்டிவரப் போகிறவர் அவர். லாட்ஜில் அறை போடும்போதே டிரைவர் படுக்க இடம் உண்டா என்று கேட்டுவைப்பது நல்லது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதாக இருந்தால், அவர் முந்தின இரவு வேறு சவாரி ஓட்டிவிட்டு நேரே வருகிறாரா என்பதையும்.

டோல் தனி என்பதில் சண்டைக்கு இடமில்லை என்று தோன்றும். பரனூர், ஆத்தூர் என்று சாவடி வரிசையாக வருகிறது, ஃபாஸ்டேக்கில் காசு போகிறது, அதை நாம் கொடுக்கிறோம். ஆனால் காசு போகும் குறுஞ்செய்தி வண்டி உரிமையாளரின் போனுக்குத்தான் வரும். நம்மிடம் டிரைவர் வாய்க்கணக்காக ஒரு தொகை சொல்வார். அவர் சொல்வது தவறாகிவிடும் இடங்கள் இரண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். ஒரு வழி 100 என்றால் இரு வழி 150. காலையில் திருவண்ணாமலை போய் இரவே திரும்புகிறவரிடம் 200 கேட்டால் ஐம்பது அதிகம். (எங்களுக்கு இது பொருந்தாது, நாங்கள் திரும்புவதற்குள் 24 மணி நேரம் கடந்துவிடும்.) இரண்டாவது, ஃபாஸ்டேக்கில் பணம் தீர்ந்துபோய் வேறு வழியில் கட்டினால் கூடுதல் கட்டணம். அந்தக் கூடுதல் நம் செலவல்ல, டேகில் பணம் வைத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு. உரிமையாளரிடம் குறுஞ்செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டால் இரண்டும் தெளிவாகிவிடும்.

இன்னொன்று. 3,000 ரூபாய்க்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் என்று 2025 ஆகஸ்டில் வந்ததே, அது சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். மஞ்சள் நம்பர் பிளேட் வண்டிக்குக் கிடையாது. வாடகைக்கு வந்த வண்டியில் அந்தப் பாஸ் இருந்தால் அது வெள்ளை பிளேட் வண்டி. வெள்ளை பிளேட்டை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். ரேட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் ஏற வேண்டாம் என்பது என் கட்சி.

பார்க்கிங் சில்லறை விஷயம். கோயில் வாசல், லாட்ஜ் என்று ஐம்பது நூறாகப் போகும். சீட்டு இருந்தால் கொடுத்துவிடலாம், அந்த இடத்திலேயே நாமே கொடுத்துவிட்டால் கணக்கே வேண்டாம். மலைக்குப் போகிறவர்களிடம் மலையேற்றக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்பார்கள், அது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஐந்து சதவீதம் என்றாலே பதினோராயிரத்துக்கு 550 ரூபாய். நாங்கள் பார்த்த ஒரு ரூபாய் வித்தியாசம் அதில் காணாமல் போய்விடும்.

ஒரு வழி டிராப் ரேட்டைப் பார்த்துவிட்டு அதை இரண்டால் பெருக்குகிறவர்களும் உண்டு. அது வேறு வியாபாரம். இறக்கிவிட்டு வண்டி உடனே திரும்பிவிடும், காத்திருப்பு கிடையாது, மினிமமும் நாள் கணக்கில் இருக்காது. போன இடத்தில் ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு இரண்டு டிராப் போடுவதே லாபம். எங்களைப் போல ஓர் இரவு தங்கி, இடையில் வண்டியும் தேவைப்படுகிறவர்களுக்கு ஒத்துவராது.

கடைசியில் பெருங்களத்தூர் வண்டியைச் சனிக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொன்னோம். டிரைவர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார். மைத்துனர் மீட்டரைப் போட்டோ எடுக்கும்போது, “எடுத்துக்கோங்க சார், எனக்கும் நல்லது” என்று தள்ளி நின்றார். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கும் தாராசுரத்துக்கும் போனதில் கொஞ்சம் கூடியது. ஞாயிறு இரவு 10.50-க்கு வாசலில் நின்றபோது மீட்டர் காட்டியது 704 கிலோமீட்டர். 704-ஐ 14-ஆல் பெருக்கினால் 9,856, பேட்டா 800, ஆக 10,656. டோலுக்கான ஸ்கிரீன்ஷாட்டை முதலாளி அதற்குள் அனுப்பியிருந்தார். பார்க்கிங்கை நாங்களே கொடுத்துவிட்டோம்.

பணத்தை அனுப்பிவிட்டு மைத்துனர் என்னைப் பார்த்தார். “பதினொண்ணுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மாமா.” மாமண்டூரில் இரண்டாவது டீ கேட்டபோது நான் ஏன் விரட்டினேன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.